சிவந்த கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை

முகப் படத்தில் கண் சோர்ந்து சிவந்திருந்தால் பலரும் செய்வது ஒன்றுதான். படம் திருத்தும் மென்பொருளில் வெண்விழியைத் தேர்வு செய்வார்கள், நிறச்செறிவைக் குறைப்பார்கள், வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். சிவப்பு போய்விடும். கூடவே அந்த ஆளும் போய்விடுவார். முகத்தில் யாரோ இரண்டு கண்ணாடிக் கண்களைப் பதித்துவிட்டுப் போனது போலிருக்கும். இந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, கண் சிவப்பாகத் தெரிவது எப்படி என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெண்விழியில் வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை. ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கும் கொலாஜன் இழைகள் எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. அதன்மேல் இமையிணைப் படலம் என்ற மெல்லிய, ஒளி ஊடுருவும் சவ்வு போர்த்தியிருக்கிறது. தூக்கமின்மை, தூசு, வறட்சி என ஏதாவது உறுத்தினால் அந்தப் படலத்தின் நுண் இரத்த நாளங்கள் விரிவடைகின்றன. இரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியையும் நீல ஒளியையும் பெருமளவு விழுங்கிவிடும். சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே சோர்ந்த கண்ணில் சிவப்பு கூடிவிட்டது என்று சொல்வதைவிட, பச்சையும் நீலமும் குறைந்துவிட்டன என்று சொல்வதே சரி.

இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. நம் கண் உணரும் பிரகாசத்தில் பெரும்பங்கு பச்சையிலிருந்து வருகிறது. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் வழக்கமான சூத்திரத்தில் பச்சையின் பங்கு 0.587, சிவப்பின் பங்கு 0.299, நீலத்தின் பங்கு வெறும் 0.114. பச்சை குறைந்தால் நிறம் சிவக்கிறது, அதே நேரத்தில் ஒளியும் மங்குகிறது. சிவப்பு, மங்கல் என்று இரண்டு குறைகளாகத் தெரிபவை உண்மையில் ஒரே குறை. எனவே மருந்தும் ஒன்றே போதும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. வெண்விழியின் நடுப்பகுதியில் ஒரு பிக்சலின் மதிப்புகள், 0 முதல் 255 வரையிலான அளவில்: சிவப்பு 182, பச்சை 140, நீலம் 138. அருகில் ஓடும் ஒரு நாளத்தில் சிவப்பு 170, பச்சை 105, நீலம் 108. மேலே சொன்ன சூத்திரப்படி வெண்விழியின் பிரகாசம் ஏறத்தாழ 152, நாளத்தின் பிரகாசம் 125. இப்போது இந்தப் பிரகாசம் மாறாமல் நிறச்செறிவை முழுவதும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? 152 அளவில் ஒரு சாம்பல் பரப்பு; அதன்மேல் 125 அளவில் ஒரு சாம்பல் இழை. சிவப்பு நூல் அழுக்கு நூலாக மாறியதுதான் மிச்சம். அந்த அழுக்கை மறைக்க வெளிச்சத்தைக் கூட்டும்போதுதான் கண் பொம்மைக் கண்ணாகத் தொடங்குகிறது.

மாறாக, வளைகோடு ஒன்றால் பிக்சல் மதிப்புகளை ஏற்றி இறக்கும் Curves லேயரைப் போட்டு, அதில் பச்சை சேனலை மட்டும் திறக்கவும். 140ஐ 164க்குத் தூக்கவும். அதோடு நிறுத்தாமல் கீழே இன்னொரு புள்ளி வைத்து, 105ஐ 138க்குத் தூக்கவும். நீல சேனலிலும் இதேபோல 138ஐ 160க்கும், 108ஐ 136க்கும் ஏற்றவும். சிவப்பைத் தொட வேண்டாம். வெண்விழி இப்போது 182, 164, 160. பிரகாசம் தானாகவே 169க்கு வந்துவிட்டது. வெளிச்சத்தைத் தனியாகக் கூட்டவே இல்லை. பச்சை சேனலில் நாளத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் இருந்த இடைவெளி 35லிருந்து 26 ஆகச் சுருங்கிவிட்டது. நாளம் அழியவில்லை, அடங்கியிருக்கிறது. அதுதான் வேண்டும். நாளமே இல்லாத வெண்விழி உயிருள்ள யாருக்கும் கிடையாது. தடித்து, வளைந்து, பார்வையைப் பிடித்து இழுக்கும் இரண்டு மூன்றை மட்டும் ஹீலிங் பிரஷ்ஷால் தனியாகக் கவனித்தால் போதும்.

மூன்று எண்களையும் சமமாக்கிவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முகத்தின் தோலிலிருந்து தெறிக்கும் ஒளி வெண்விழியிலும் படுகிறது; ஆகவே சற்றே இளஞ்சூடான நிறமே அதற்கு இயல்பு. வயதும் கணக்கில் வரும். குழந்தைகளுக்கு வெண்விழி மெல்லியது. அடியிலுள்ள கருமையான அடுக்கு இலேசாகத் தெரிவதால் நீலம் பாய்ந்திருக்கும். முதியவர்களுக்கு மஞ்சள் ஏறியிருக்கும். எழுபது வயதுக்காரருக்குக் குழந்தையின் வெண்விழியை வைத்தால் முகமும் கண்ணும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

அடுத்து மாஸ்க், அதாவது லேயரின் திருத்தம் எங்கே எவ்வளவு பட வேண்டும் என்று தீர்மானிக்கும் திரை. கண்ணாடித்தன்மை பெரும்பாலும் இங்கேதான் உருவாகிறது என்பது என் கணிப்பு. கண் ஓர் உருண்டை. மேல் இமையும் இமைமுடிகளும் அதன் மேற்பகுதியில் நிழல் போடுகின்றன. இரு ஓரங்களை நோக்கிப் போகப் போக ஒளி குறைகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் ‘இது உருண்டை’ என்று மூளைக்குச் சொல்கிறது. வெண்விழி முழுவதையும் ஒரே அளவில் ஏற்றினால் உருண்டை தட்டையாகிவிடும், அவித்த முட்டையை நறுக்கி ஒட்டியது போல. நாம் வைத்த அந்தக் கீழ்ப்புள்ளி இதில் கூடுதல் ஆபத்து: இமை நிழலின் பச்சை மதிப்பும் 105ஐ ஒட்டியே இருக்கக்கூடும் என்பதால், நாளத்தைத் தூக்கும் வளைகோடு நிழலையும் சேர்த்துத் தூக்கிவிடும். அதனால் லேயர் மாஸ்க்கைக் கறுப்பாக்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் வெள்ளையைச் சிறிது சிறிதாகத் தடவ வேண்டும். கண்ணின் நிற வளையமான ஐரிஸுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அதிகமாக, ஓரங்களில் குறைவாக, மேல் இமையின் அடியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல். மூக்கை ஒட்டிய மூலையில் இருக்கும் இளஞ்சிவப்புச் சதைத்துணுக்கு அப்படியே இருக்கட்டும். ஐரிஸும் வெண்விழியும் சேரும் எல்லை இயல்பிலேயே கரைந்து கலங்கியது. அதைக் கூர்மையாக வெட்டிவிடக் கூடாது.

எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதற்குக் கன்னமே அளவுகோல். இந்தப் படத்தில் கன்னத்தின் பிரகாசமான இடம் 205 என்றால் வெண்விழி 169ல் நிற்பது நியாயம். கன்னத்தைத் தாண்டிவிட்டால், கண் குழிக்குள் இருக்கும் வெண்விழி விளக்கு போல எரியத் தொடங்கும்.

இனி கேட்ச்லைட், அதாவது ஐரிஸின் மேல் மின்னும் அந்த ஒளிப்புள்ளி. அது கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிந்த படலமான கார்னியாவில் விழும் விளக்கின் அல்லது ஜன்னலின் பிம்பம். கண்ணிலிருந்து எதிரொளிக்கும் இத்தகைய பிம்பங்களைச் செக் நாட்டு உடலியலாளர் புர்க்கின்யே 1823ல் விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் பிம்பங்களில் முதலாவது இதுதான். கார்னியாவின் வளைவு ஆரம் சுமார் 7.8 மில்லிமீட்டர். அது ஒரு சின்னக் குவியாடி. அதன் குவியத் தூரம் ஆரத்தில் பாதி, அதாவது 3.9 மில்லிமீட்டர். இந்த ஓர் எண்ணை வைத்து, கேட்ச்லைட் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுவிடலாம்.

நம் படத்தில் ஜன்னல் 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம், முகத்திலிருந்து 2 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பிம்பத்தின் அகலம் 1000 × 3.9 ÷ 2000, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். உயரம் ஏறத்தாழ 3. ஐரிஸின் விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். படத்தில் ஐரிஸ் 150 பிக்சல் அகலம் என்றால், கேட்ச்லைட் 25 பிக்சல் அகலமும் 37 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு கட்டம். ஐரிஸில் பாதியை அடைக்கும் வெள்ளைத் திட்டு ஏன் பொய்யாகத் தெரிகிறது என்பது இப்போது புரியும்: அத்தனை பெரிய ஜன்னல் அந்த அறையில் இல்லை.

இடமும் இதேபோல் கணக்குக்கு உட்பட்டது. கேமராவுக்கும் விளக்குக்கும் இடையே 40 டிகிரி கோணம் இருந்தால், கார்னியாவின் பரப்பு அதில் பாதியான 20 டிகிரி சாய்ந்திருக்கும் இடத்தில் பிம்பம் தெரியும். அது மையத்திலிருந்து சுமார் 2.7 மில்லிமீட்டர், நம் படத்தில் 33 பிக்சல். விளக்கு நேர் உச்சியில் இருந்தால் அந்தத் தூரம் 5.5 மில்லிமீட்டராகி, பிம்பம் மேல் இமைக்குள் மறைந்துவிடும். உச்சிவெயிலில் எடுத்த படங்களில் கண் செத்துக் கிடப்பதன் காரணம் இதுவே.

கேட்ச்லைட் இரு கண்களிலும் ஒரே பக்கத்தில், ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு கண்ணில் வரைந்ததை இடம் வலம் மாற்றி மறு கண்ணில் ஒட்டினால் பார்வை கோணிவிடும். இது வெறும் பிரமை இல்லை. மாறுகண்ணைக் கண்டறியும் ஹிர்ஷ்பெர்க் சோதனையில் மருத்துவர் பார்ப்பதே, இரு கண்களிலும் ஒளிப்புள்ளி எங்கே விழுகிறது என்பதைத்தான்.

வரைவதற்கு முன் தேடிப் பார்ப்பது நல்லது. படத்தின் வெளிச்சத்தைத் தற்காலிகமாக ஏற்றினால், மங்கிய கேட்ச்லைட் பெரும்பாலும் ஐரிஸின் மேற்பாதியில் ஒளிந்திருப்பது தெரியும். இருப்பதை ஏற்றுவது, இல்லாததை வரைவதைவிட எப்போதும் நம்பும்படியாக இருக்கும். வடிவம், இடம், இமைமுடி வெட்டும் கோடு எல்லாம் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன. ஒன்றுமே இல்லையென்றால் மட்டும் புதிய லேயரில் வரையவும். அந்த லேயர் Screen நிலையில் இருக்க வேண்டும். கண்ணீர்ப் படலத்தில் நேராக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதமே எதிரொளிக்கிறது. மீதி உள்ளே போய்விடுகிறது. ஆகவே கேட்ச்லைட் ஐரிஸை மூடி மறைப்பதில்லை, ஐரிஸின் நிறத்தோடு கூடிக்கொள்கிறது. Screen செய்வதும் ஏறத்தாழ அதையே. விளிம்புக்கு ஒன்றிரண்டு பிக்சல் மங்கல் கொடுக்கவும். உச்சம் 230ஐ ஒட்டி நிற்கட்டும். 255ஐத் தொட்டால் வெள்ளைப் பெயின்ட்.

உள்ளே போன ஒளிக்கும் ஒரு வேலை இருக்கிறது. கார்னியா லென்ஸைப் போல அதை வளைத்து, ஐரிஸின் எதிர்ப்பக்கத்தில் குவிக்கிறது. இடது மேலே கேட்ச்லைட் இருந்தால் வலது கீழே பிறைபோல ஒரு மெல்லிய வெளிச்சம் இருக்கும். அந்த இடத்தை மட்டும் மிக இலேசாக ஏற்றினால் கண்ணுக்கு ஆழம் வந்துவிடும். ஐரிஸ் முழுவதையும் ஏற்றுபவர்கள் இந்த ஆழத்தைத்தான் இழக்கிறார்கள். கண்பாவை கறுப்பாகவே இருக்க வேண்டும்.

முடித்த பிறகு படத்தைக் கட்டைவிரல் நகத்தளவு சுருக்கிப் பார்க்கவும். முகம் தெரிவதற்கு முன்பே கண் தெரிந்தால் வேலை மிஞ்சிவிட்டது; லேயரின் Opacity மதிப்பை 60, 70 சதவீதத்துக்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால், இமை நிழல் இன்னும் இருக்கிறதா, ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் கண் மற்றதைவிட மங்கியிருக்கிறதா என்பது தெரியும்.

இந்த முறை எடுபடாத ஓர் இடம் உண்டு. சில சமயம் ஒரு நுண் நாளம் வெடித்து, வெண்விழியின் ஒரு பகுதி முழுச் சிவப்பாக நிறைந்திருக்கும். அங்கே பச்சை சேனலில் ஏறக்குறைய எதுவுமே பதிவாகியிருக்காது. வளைகோட்டைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் எழும்பும். அந்தத் திட்டை, அதே கண்ணின் நல்ல பகுதியிலிருந்து குளோன் செய்து நிரப்ப வேண்டும், அதுவும் அதே அளவு நிழல் விழும் இடத்திலிருந்து.