எட்டரை மணிக்குப் பிறகு புதிய ஆட்டம் எதற்கு?

சென்னைப் பள்ளிகளில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. கைபேசி ஆட்டம் பற்றி என்னிடம் வரும் பெற்றோரின் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அஞ்சே நிமிஷம்மா என்கிறான். அரை மணி ஆகிறது." பையன் பொய் சொல்வதில்லை. ஆட்டத்தின் வேகம் அவன் கையில் இல்லை, ஜோன் எனப்படும் சுருங்கும் பாதுகாப்பு வட்டத்தின் கையில் இருக்கிறது.

பப்ஜி, பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களை ஆடும் பிள்ளைகளுக்கு எராங்கல் வரைபடம் அத்துப்படி. எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர் பரப்பு, அதில் 100 பேர், கடைசி வரை உயிரோடு நிற்பவருக்கே வெற்றி. அப்படியே விட்டால் ஆளுக்கொரு வீட்டில் பதுங்கிக்கொள்வார்கள், ஆட்டம் முடியவே முடியாது. அதனால்தான் வட்டம் சுருங்குகிறது. வெள்ளை வட்டம் அடுத்த பாதுகாப்பான இடத்தைக் காட்டும். சற்று அவகாசம் கொடுத்துவிட்டு நீல எல்லை அதை நோக்கி நகரும். எல்லைக்கு வெளியே நின்றால் உயிர் குறையும். முதலில் மெதுவாகத்தான் குறையும், மருந்து போட்டுக்கொண்டே ஓடி வந்துவிடலாம். கடைசி வட்டங்களில் சில நொடிகளில் கதை முடிந்துவிடும். அவகாசமும் கட்டத்துக்குக் கட்டம் குறைந்துகொண்டே வரும்.

சூட்சுமம் பரப்பளவில் இருக்கிறது. வட்டத்தின் ஆரம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும். ஒரு கணக்குக்கு, இரண்டு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 60 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து பேர். ஆரம் ஒரு கிலோமீட்டராகி, 20 பேர் வெளியேறியும்விட்டார்கள். ஆனாலும் நெரிசல் பதின்மூன்றைத் தொடும். ஆட்கள் குறையக் குறைய மோதல் கூடுவது இதனால்தான். அடுத்த வட்டம் எங்கே விழும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. நல்ல இடத்தில் பதுங்கியவனும் எழுந்து ஓட வேண்டியிருக்கும்.

வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு தாய், சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைஃபையை அணைத்திருக்கிறார். திரையில் பன்னிரண்டு பேர் மிச்சம். நால்வர் அணியில் மற்ற மூவரும் நடுவழியில் தவித்திருக்கிறார்கள். மறுநாள் பள்ளியில் அவனுக்குக் கிடைத்த வசவைக் கேட்க வேண்டுமே! நிறுத்தி வைத்துத் தொடர இந்த ஆட்டத்தில் வழியில்லை. இறங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே செத்தவன் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

எராங்கலில் கடைசி வரை நின்றால் ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஒன்பது மணிக்குச் சாப்பாடு என்றால், எட்டரைக்குப் பிறகு எராங்கலில் புதிய ஆட்டம் இல்லை என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் கூப்பிட நேர்ந்தால் திரையில் எத்தனை பேர் மிச்சம் என்று பாருங்கள். பத்துக்குப் பக்கம் என்றால் அவன் சொன்ன ஐந்து நிமிடம் அநேகமாக உண்மை, எழுபது என்றால் இல்லை. லிவிக் வரைபடம் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்தான், 52 பேர், பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டே முக்காலுக்கு அதைத் தாராளமாக அனுமதிக்கலாம்.