வாரத்துக்கு விடும் நிலம்: கடிதத்தில் எழுதாமல் விடுவதுதான் வழக்காகிறது

வெளியூரில் இருக்கும் நிலக்காரர்கள் சாகுபடி செய்பவருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் நாலே வரிதான். "நம்ம ரெண்டு ஏக்கரை இந்த வருஷத்திலிருந்து நீங்களே பாருங்க. வழக்கம்போல வாரம். மூணு வருஷம். போர் தண்ணீர் எடுத்துக்கலாம்." எழுதும்போது இதில் ஒரு குறையும் தெரியாது. 'வாரம்' என்பது விளைச்சலில் நிலக்காரருக்குத் தரும் பங்கு. முதல் அறுவடையில் அது எதில் எவ்வளவு என்று பேச்சு எழும். மோட்டார் காயில் எரிந்த அன்று தண்ணீர் பற்றிய வரி போதவில்லை என்று தெரியும். மூன்றாம் வருஷக் கடைசியில் கெடுவைப் பற்றிய வரியும் அப்படித்தான்.

தஞ்சைப் பகுதியில் 2 ஏக்கர், அதாவது 6 மா சம்பா நெல் நிலத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் கால் பங்கு என்று பேச்சு. அறுவடை இயந்திரம் இறக்கியதும் களத்தில் எடை 3,600 கிலோ, ஈரப்பதம் 20 சதவீதம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுப்பதில்லை. அந்த அளவுக்குக் காய்ந்ததும் அதே நெல் சுமார் 3,470 கிலோவாக இறங்கிவிடும். கால் பங்கு களத்து எடையில் 900 கிலோ, காய்ந்த எடையில் 867 கிலோ. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எந்த எடை என்று எழுதவில்லை, அவ்வளவே. இயந்திர வாடகையைக் கழித்துவிட்டுப் பங்கா, கழிக்காமலா என்பது அடுத்த கேள்வி. அதிலும் அரை மூட்டை, ஒரு மூட்டை முன்பின் ஆகும். 'மூட்டை' என்ற சொல்லையே கடிதத்தில் தவிர்ப்பது நல்லது. ஓர் ஊரில் 60 கிலோ, இன்னோர் ஊரில் 75 கிலோ, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. கிலோவில் எழுதுங்கள்.

ஆகவே பங்கு பற்றிய பத்தி இப்படி இருக்கலாம்:

"மொத்த விளைச்சலில் நாலில் ஒரு பங்கு எனக்கு. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு அங்கே தரும் ரசீது எடை. வீட்டுக்கும் விதைக்கும் நிறுத்திய நெல்லுக்குக் காயவைத்த பின் எடை. விதை, உரம், நடவு, அறுவடை இயந்திரம் எல்லாச் செலவும் உங்களுடையது, என் பங்கில் எதுவும் கழிக்க வேண்டாம். வைக்கோல் முழுவதும் உங்களுக்கு. நிலவரி என் பொறுப்பு. பங்கு வாங்கியதற்கு அன்றே ரசீது எழுதித் தருவேன்."

கால் பங்கு என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு நியாய வாரச் சட்டம் 1956-இல் வந்தது. பின்னால் வந்த திருத்தத்தின்படி நியாய வாரம் என்பது சாதாரண மொத்த விளைச்சலில் 25 சதவீதம். பாதிக்குப் பாதி என்று பேசி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாகுபடிக்காரர் மனுப் போட்டால் அந்தப் பேச்சு நிற்காது. விதையும் உரமும் நிலக்காரரும் போடும் கூட்டுச் சாகுபடி வேறு ஏற்பாடு. அதற்குக் 'குத்தகை', 'வாரம்' என்ற சொற்களை வைத்து எழுதினால் பின்னால் எது எது என்று பிரிக்க முடியாது.

காலம் பற்றிய வரியில்தான் நிலக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வீட்டு வாடகை வழக்கத்தைப் பார்த்து '11 மாதம்' என்று எழுதினால் சட்டம் தொடாது என்று நம்புபவர்கள் ஏராளம். சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1955 அப்படிப் பார்ப்பதில்லை. தன் உடலுழைப்போ குடும்பத்தார் உழைப்போ போட்டுப் பயிர் செய்பவர் சாகுபடிக் குத்தகைதாரர். கெடு முடிந்தும் நிலத்தில் தொடர்பவரும் அந்த விளக்கத்துக்குள் வருகிறார். வாரப் பாக்கி, நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்தல், விவசாயம் அல்லாத வேலைக்கு நிலத்தைப் பயன்படுத்துதல், உங்கள் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகிய காரணங்களில் ஒன்றைக் காட்டித்தான் அவரை வெளியேற்றக் கோரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுப் போட முடியும். பாக்கி என்றாலும் கட்ட அவகாசம் தரலாம். சொந்தச் சாகுபடிக்கு மீட்கத் தனி நிபந்தனைகள் உண்டு. நீங்கள் ரசீது தர மறுத்தாலோ வாரம் வாங்க மறுத்தாலோ, அவர் அதை அங்கேயே செலுத்திவிடலாம். பாக்கி என்ற காரணம் அதோடு போயிற்று.

அப்படியானால் காலத்தை ஏன் எழுத வேண்டும்? வாரத்தை எப்போது மறுபடி பேசுவது, எந்தப் போகம் யாருடையது என்பதற்கு. இதைத் தேதியில் எழுதாமல் போகத்தில் எழுதுங்கள். 'ஜனவரி 31 வரை' என்று எழுதிய கடிதம் டெல்டாவில் உளுந்தில் போய் முட்டும். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, ஈரம் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்த அன்று உளுந்து முளைத்து நிற்கும். அது யாருடையது, அதில் பங்கு உண்டா? "மூன்று சம்பா, அவற்றைத் தொடரும் உளுந்து அறுவடை வரை, உளுந்தில் எனக்குப் பங்கு இல்லை" என்று ஒரு வரி போதும்.

தண்ணீருக்கு வருவோம். "போர் தண்ணீர் எடுத்துக்கலாம்" என்பதில் எத்தனை மணி நேரம், யாருக்கு முன்னுரிமை என்பது இல்லை. அதே போரிலிருந்து நிலக்காரரின் தென்னந்தோப்புக்கும் தண்ணீர் போகிறது என்றால் சண்டை நிச்சயம். பயிர் பூத்துப் பால் பிடிக்கும் நாட்களில் வயல் காய்ந்தால் கதிர் பதராகும்; அந்த நஷ்டம் வாரத்திலும் விழும். தோப்பு சில நாள் பொறுக்கும், நெல் பொறுக்காது. கடிதத்தில் இப்படி வைக்கலாம்:

"பூக்கும் பருவத்திலிருந்து அறுவடைக்குத் தண்ணீர் வடிக்கும் வரை மும்முனை மின்சாரம் வரும் நேரம் முழுதும் வயலுக்கே. மற்ற நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் தோப்புக்கு. ஸ்டார்ட்டர், ஃபியூஸ் போன்ற சில்லறைப் பழுது உங்களுடையது. காயில் கட்டுவது, மோட்டார், குழாய் மாற்றுவது என்னுடையது. நீங்கள் சொன்ன மூன்று நாளுக்குள் நான் செய்யாவிட்டால் நீங்கள் செய்து, பில்லை வாரத்தில் கழித்துக்கொள்ளலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாத கடிதங்களில்தான், மோட்டார் மெக்கானிக்குக் கொடுத்த பணம் இரண்டு வருஷம் கழித்து 'வாரப் பாக்கி' என்ற பெயரில் மனுவில் வந்து நிற்கிறது. வாய்க்கால் தண்ணீர் அடுத்தவர் வயல் வழியாக வருகிறதென்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். உங்களுக்கு இல்லாத உரிமையை அவருக்குக் கொடுக்க முடியாது. வடிகாலையும் மறக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா வயலுக்குத் தண்ணீர் வருவதைவிட வெளியே போவதுதான் பிரச்சினை. வடிகாலைத் தூர் வாருவது யார் வேலை என்று ஒரு வரி வேண்டும்.

இன்னொன்று, நிலக்காரர்கள் தயங்கும் விஷயம்: அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கில், சாகுபடிக்காரர் பெயர் ஏறுவது. பெயர் ஏறினால் நிலம் போய்விடும் என்ற பயம். ஆனால் பெயர் ஏறாமல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று இல்லாமல், சாகுபடிக்காரர் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதும் பயிர்க் காப்பீடு செய்வதும் கடினம். காப்பீடு உங்கள் பெயரிலே இருந்தால் வெள்ளத்தில் பயிர் போகும்போது இழப்பீடு உங்கள் கணக்குக்கு வரும். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவர் அவர். இழப்பீடும் வெள்ள நிவாரணமும் பயிர் செய்தவருக்கே என்று எழுதிவிடுங்கள். பயந்து பெயரை மறைப்பதாலும் பாதுகாப்பு வருவதில்லை. குத்தகை உரிமைப் பதிவேட்டில் சேர்க்கக் கோரி அவரே விண்ணப்பிக்க 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

உங்கள் கையெழுத்து மட்டும் உள்ள கடிதம் நீங்கள் சொன்னதைக் காட்டும். அவர் ஒப்புக்கொண்டதைக் காட்டாது. கடிதத்தில் பேசி முடித்ததை 1955 சட்டம் சொல்லும் படிவத்தில் குத்தகைப் பத்திரமாக மூன்று பிரதி எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று தாலுகா அலுவலகத்துக்கு. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் பட்டாவைப் பார்த்து எழுதுங்கள். 'வடக்குக் கொல்லை ரெண்டு ஏக்கர்' என்று எழுதியதில், போர் இருக்கும் உட்பிரிவு உள்ளே வருகிறதா என்பதே பிறகு வழக்காகியிருக்கிறது.