லினன் சட்டைத்துணி: வாங்கும்போது பார்க்க வேண்டியது, தைக்கும் முன் நனைக்க வேண்டியது

கடையில் லினன் துணியைத் தடவிப் பார்த்து, எது வழுவழுப்பாக இருக்கிறதோ அதை எடுப்பவர்கள்தான் அதிகம். புதுத் துணியின் அந்த வழுவழுப்பு பெரும்பாலும் ஆலையில் கடைசிக் கட்டத்தில் ஏற்றிய சாஃப்ட்னரால் வருவது. சில துவைப்புகளில் அது போய்விடும். நல்ல லினன் புதிதாக இருக்கும்போது கொஞ்சம் மொடமொடப்பாக, கைக்குக் குளிர்ச்சியாக, பார்வைக்குத் தெரிவதைவிடச் சற்றுக் கனமாக இருக்கும். துவைக்கத் துவைக்கத்தான் அது இளகும்.

அதற்குக் காரணம் நாரிலேயே இருக்கிறது. லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார். தண்டுக்குள் இந்த நார்கள் பெக்டின் என்ற பசையால் கட்டுக்கட்டாக ஒட்டியிருக்கும். பதப்படுத்தி நூற்ற பிறகும் அந்தப் பசை கொஞ்சம் மிஞ்சும். தண்ணீரிலும் அசைவிலும் அது மெல்லக் கரைய, கட்டுகள் பிரிந்து நூல் நெகிழ்கிறது. இப்படி வரும் மென்மை துணி கிழியும் வரை போகாது.

வாங்கும்போது முதலில் துணியின் கரையையோ லேபிளையோ பாருங்கள். ‘லினன் ஃபினிஷ்’, ‘லினன் லுக்’ என்று இருந்தால் அதில் லினன் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘லினன் பிளெண்ட்’ என்றால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 55% லினன், 45% காட்டன் கலவை மோசமான துணி இல்லை. லினன் விலை கொடுத்து அதை வாங்குவதுதான் தவறு. அடுத்து நூலின் தடிப்பைப் பாருங்கள். லினன் நூலுக்கும் பருத்தி நூலுக்கும் ஓரிடம் திடீரென்று தடிப்பது உண்டு. ஆனால் லினனில் அந்தத் தடிப்புகள் ஒழுங்கில்லாமல், சில நீளமாகவும் சில குட்டையாகவும் சிதறிக் கிடக்கும். ஒரே அளவில், ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், லினன் போலத் தெரிவதற்காக இயந்திரத்தில் வேண்டுமென்றே உண்டாக்கிய தடிப்பு என்று சந்தேகப்படலாம்.

கையால் செய்யும் சோதனை இரண்டு போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். லினன் உடனே உறிஞ்சிப் பரவவிடும். சொட்டு முத்தாக நின்றால் மேலே பூச்சு கனமாக இருக்கிறது, அல்லது பாலியஸ்டர் கலந்திருக்கிறது. பிறகு துணியின் மூலையை ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். லினன் கூர்மையான மடிப்புகளோடு அப்படியே நிற்கும். தானாக விரிந்து சமமானால் அது சுத்த லினன் இல்லை, அல்லது சுருக்கம் விழாமலிருக்க ரெசின் ஏற்றிய துணி. நூலைக் கொளுத்திப் பார்ப்பது பாலியஸ்டரைக் காட்டிக்கொடுக்கும், உருகி உருண்டையாகும். பருத்தியையும் லினனையும் பிரித்துச் சொல்ல அது உதவாது. இரண்டும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும்.

நூல் நம்பரிலும் குழப்பம் உண்டு. கடைக்காரர் ‘60 லீ’ என்றால் அது 60-ஆம் நம்பர் பருத்தி நூல் அளவுக்கு மெல்லியது என்று நினைக்க வேண்டாம். ஒரு பவுண்டு எடையில் 300 கஜ நீளங்கள் எத்தனை என்பது லீ கணக்கு. பருத்தியில் அந்த நீளம் 840 கஜம். அதனால் 60 லீ நூல், தடிமனில் ஏறக்குறைய 21-ஆம் நம்பர் பருத்தி நூல்தான். சட்டைக்கு 40 முதல் 60 லீ சரியாக இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், விலை ஏறும், மடிப்புகளும் சன்னமாக நிறைய விழும். தினசரி உடுத்த 40 லீ துணியையே பரிந்துரைப்போம்.

சுருக்கம் தரக்குறைவின் அடையாளம் இல்லை. லினன் நார் மிகக் குறைவாகவே நீளும், நீண்டாலும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. மடங்கிய இடத்தில் ஈரம் பட்டால் அந்த மடிப்பே அதன் புது வடிவமாகிவிடும். வியர்வை பட்ட முழங்கை மடிப்பிலும் இடுப்பிலும் முதலில் சுருங்குவது இதனால்தான். அதே ஈரத்தைக் கொண்டு அதைத் தளர்த்தவும் முடியும்: லேசாகத் தண்ணீர் தெளித்து, கையால் நீவி, ஹேங்கரில் இரவு தொங்கவிட்டால் கூர்மையான கோடுகள் போய் மெல்லிய அலைகள் மட்டும் நிற்கும். அந்த அலைகளை இருக்க விடுங்கள். ரெசின் ஏற்றிய ‘ரிங்கிள் ஃப்ரீ’ லினன் சுருங்காதுதான், ஆனால் ரெசின் நாரை நொறுங்கும்படி ஆக்குவதால் காலரும் கைப்பட்டையும் சீக்கிரம் தேயும். கஞ்சியும் லினனுக்கு எதிரிதான். விறைத்த நார் மடிப்பில் ஒடிகிறது.

அளவு குறைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். நெசவிலும் ஃபினிஷிங்கிலும் துணி இழுத்துப் பிடிக்கப்படுகிறது. முதல்முறை நன்றாக நனையும்போது நூல் பருத்து, இழுவை தளர்ந்து, துணி குறுகும். முன்பே துவைத்துச் சுருக்கி வராத லினன் 5% வரை குறைவது சாதாரணம், அதற்கு மேலும் போகலாம். பெரும்பாலும் பாவு வாக்கில், அதாவது நீளத்தில். 58 அங்குல அகலத்தில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 5% என்றால் 8 சென்டிமீட்டர் போகும். நனைக்காமல் தைத்தால், 30 அங்குல உயரச் சட்டை ஒன்றரை அங்குலமும், 25 அங்குலக் கை ஒன்றேகால் அங்குலமும் குறையும். காலருக்குள் ஒட்டிய கேன்வாஸ் துணியோடு சேர்ந்து சுருங்காததால், மேலே குமிழ் குமிழாக எழும். அதை எந்த இஸ்திரியாலும் சரிசெய்ய முடியாது.

ஆகவே 1.75 மீட்டராக வாங்கி, டெய்லரிடம் கொடுக்கும் முன் நனையுங்கள். வெட்டிய ஓரங்கள் பிரியாமல் நீளத் தையல் போட்டு, பக்கெட்டில் கைக்குச் சூடு தெரிகிற தண்ணீர் நிரப்பி, துணியை விரித்தாற்போல் முழுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். முறுக்காமல் எடுத்து நிழலில் காயவைத்து, நீளத்தை மீண்டும் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் இன்னொரு முறை நனையுங்கள். இரண்டாம் முறை அளவு மாறாவிட்டால் தைக்கக் கொடுக்கலாம்.

ரெடிமேட் சட்டைக்கு இந்த வசதி இல்லை. லேபிளில் ‘ப்ரீ வாஷ்ட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சற்றே தளர்வான அளவு எடுங்கள்.

துவைப்பதில் வெப்பத்தைவிட முறுக்கும் இறுக்கமும்தான் கெடுதல் செய்கின்றன. மிஷினில் பாதி டிரம்முக்கு மேல் போடாதீர்கள். நெருக்கிப் போட்டால் மடிப்புக் கோடுகளில் நார் உரசிச் சாயம் வெளுக்கும். 30 டிகிரி தண்ணீர், லிக்விட் டிடர்ஜென்ட் வழக்கத்தைவிடக் குறைவாக, ஸ்பின் 400 முதல் 600 சுற்று வரை போதும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக அலசப்படாமல் துணியில் படிந்து விறைக்கும். அது துணியின் குறை இல்லை. இன்னொரு அலசல் கொடுத்தால் சரியாகும். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், நாரின் மேல் படலமாகப் படிந்து வியர்வை உறிஞ்சுவதைக் குறைக்கும். கல்லில் அடித்துத் துவைக்கும் இடத்துக்கு லினனைக் கொடுக்காதீர்கள்.

மிஷின் நின்றதும் உடனே எடுத்து, இரண்டு முறை உதறி, தையல் கோடுகளை நீளவாக்கில் மெல்ல இழுத்துவிட்டு, நிழலில் ஹேங்கரில் போடுங்கள். வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்தால் அன்றைக்கு விறைப்பாக இருக்கும், சாயமும் வெளுக்கும். டிரையரில் முழுக்கக் காயவைத்தால், துணி இன்னும் குறுக மீதமிருந்த அளவும் அப்போது குறைந்துவிடும். இஸ்திரி போடுவதானால் லேசான ஈரம் இருக்கும்போதே போடுங்கள், அடர்நிறத் துணிக்கு உள்பக்கமாக. மேல்பக்கம் போட்டால் பளபளப்புத் தழும்பு விழும். கையில் கிரீஸ் எடுக்க வேண்டாம் என்று இஸ்திரிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஒரே கோட்டில் மீண்டும் மீண்டும் அழுத்தினால், துணி முதலில் கிழிவது அந்தக் கோட்டில்தான்.