ராமநாதபுரத்துக்குள்ளேயே வேலை தேடுகிறவர்களுக்கு: இரண்டு பதிவும் ஒன்றல்ல

"எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சாச்சு, இன்னும் ஒரு கார்டும் வரலை" என்று தொண்டியிலிருந்து மண்டபம் வரை எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள். பதிந்தது சரிதான், ஆனால் அந்தப் பதிவு உள்ளூர்த் தனியார் வேலைக்கானது அல்ல.

tnvelaivaaippu.gov.in தளத்தில் செய்வது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. ஏதாவது அரசுத் துறை ஆள் கேட்டுப் பட்டியல் கோரினால், பதிவு மூப்புப்படி பெயர் அனுப்புவார்கள். இப்போது பெரும்பாலான அரசுப் பணிகள் தேர்வு மூலமாகவோ நேரடி அறிவிப்பு மூலமாகவோதான் நிரம்புகின்றன. அதற்காக இதை விட்டுவிட வேண்டாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தால், ஐந்து ஆண்டு கழிந்தும் வேலை இல்லாதவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தொகை சின்னதுதான், மறுக்கவில்லை.

தனியார் வேலைக்கு அரசு நடத்துவது வேறொரு தளம்: tnprivatejobs.tn.gov.in. இதில் தனியாக, புதிதாகப் பதிய வேண்டும். வேலை தேடுகிறவருக்கும் கட்டணம் இல்லை, ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கும் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் சிறிய முகாம்களும் இதோடு சேர்ந்தவை. எந்த வெள்ளி என்பது செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தில் வரும்.

கீழக்கரையில் இருக்கும் என் சித்தி மகள் பி.காம். முடித்தவள். தளத்தில் மாவட்டம் என்ற இடத்தில் ராமநாதபுரம் என்று போட்டுத் தேடினாள். வந்த வரிசையில் பாதிக்கு மேல் வெளியூர் வேலை. முகாமிலும் அப்படித்தான்: மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் பலர் ஒரகடம், திருப்பூர், ஓசூருக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள். நேர்காணல் இங்கே, வேலை அங்கே. அதனால் சம்பளத்துக்கு முன்னால் பணியிடம் எது என்று பார்க்க வேண்டும். "தமிழ்நாடு முழுவதும்" என்று இருந்தால் வெளியூர் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அவளுக்குக் கடைசியில் இரண்டு வாய்ப்பு மிஞ்சியது. ராமநாதபுரம் டவுனில் ஒரு கடையில் கணக்கு வேலை, 12,000 ரூபாய். சென்னையில் ஒரு கம்பெனியில் 16,000. வீட்டில் எல்லாரும் சென்னை என்றார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடித்தால் சென்னையில் கைக்கு வருவது 13,960. ஹாஸ்டலும் சாப்பாடும் 6,500 என்றார்கள், மிச்சம் 7,460. ஊருக்கு வந்து போகிற செலவையும் அதிலிருந்துதான் பார்க்க வேண்டும். இங்கே அதே பிடித்தம் போக 10,470. பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்தைப் பிடித்தால் போக்குவரத்துச் செலவும் கிடையாது. ஆனால் ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் அந்தப் பேருந்து இருக்குமா என்பதையும் கேட்டுக்கொண்டோம். ஏழு மணிக்கு விட்டுவிடுவோம் என்றார்கள், சரி என்றாள்.

பிடித்தம் இல்லாமல் "முழுசாகக் கையில் தருகிறோம்" என்று சொல்கிற கடைகளும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். இ.எஸ்.ஐ. சட்டம் பொதுவாகப் பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்திலேயே வந்துவிடும், பி.எஃப். இருபது பேரில். இருபது பேருக்கு மேல் நிற்கிற ஜவுளிக்கடையில் இந்தப் பதில் வந்தால் உஷாராக வேண்டும். சேர்ந்த முதல் மாதமே பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேளுங்கள், மழுப்பினால் புரிந்துவிடும். அதே மாதிரி, பதிவுக் கட்டணம், சீருடைக்கு முன்பணம் என்று போனில் பேசுகிறவர் எந்த அரசு முகாமின் பெயரைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இந்தத் தளத்தால் ஆகாததும் உண்டு. ஐஸ் பிளாண்ட், மீன் கம்பெனி, ராமேஸ்வரத்து லாட்ஜ் போன்ற இடங்கள் பெரும்பாலும் வாய்வழியாகவே ஆள் எடுக்கின்றன. அவர்களைத் தளத்தில் தேடிப் பயனில்லை, நேரில்தான் போக வேண்டும்.

இன்னொன்று. நம் பக்கத்தில் நிறையப் பேர் பிரவுசிங் சென்டரில் பதிகிறார்கள். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். சித்தி மகளுக்கும் அதுதான் நடந்தது. ஓ.டி.பி. யாருக்கோ போகும், கம்பெனி கூப்பிட்டாலும் அங்கேதான் மணி அடிக்கும். உள்ளே போய் சுயவிவரப் பக்கத்தில் இருக்கும் எண் உங்களுடையதா என்று பாருங்கள். உள்ளே போகவே முடியாவிட்டால், ஆதாரையும் அசல் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்துக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். அவள் அந்த எண்ணை மாற்றிய பிறகுதான் கணக்கு வேலை கொடுத்த டவுன் கடையிலிருந்தே அழைப்பு வந்தது.