அரசிதழைச் சொன்னால் போதாது, எந்த நாள் அரசிதழ் என்றும் சொல்லுங்கள்

கொள்கை ஆய்வறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. "சுற்றுச்சூழல் அமைச்சக அறிவிக்கை, மார்ச் 2020" என்ற மாதிரி அடிக்குறிப்பு கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுவேன். இணைப்பு சரியாகத் திறக்கும், கோப்பும் அசல்தான். ஆனாலும் இந்த ஒரு வரிக்குள் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த அந்த அறிவிக்கையின் எண் S.O. 1199(E). அதில் உள்ள தேதி 23-3-2020. ஆனால் அது அரசிதழில் வெளியானது 11-4-2020 அன்றுதான். இடையில் 19 நாட்கள். மக்கள் கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம் தரப்பட்டிருந்தது. அது அரசிதழ் பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். மார்ச் 23-இலிருந்து எண்ணினால் மே 22-இல் முடிந்துவிடும், ஏப்ரல் 11-இலிருந்து எண்ணினால் ஜூன் 10 வரை போகும். பிறகு அமைச்சகம் அதை ஜூன் 30 ஆக்கியது, டெல்லி உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. "மக்களுக்கு எவ்வளவு அவகாசம் கிடைத்தது" என்று அலசும் அறிக்கை முதல் தேதியைத் தவறாக எடுத்துக்கொண்டால், அப்புறம் போடும் கணக்கு எதுவும் நிற்காது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. அது வெறும் வரைவு. 2006-ஆம் ஆண்டின் S.O. 1533(E) அறிவிக்கையை மாற்றுவதற்காக வந்தது, இறுதி வடிவம் பெறவே இல்லை. வரைவும் அரசிதழில் அதே அச்சமைப்பில், அதே மாதிரி எண்ணோடுதான் வருகிறது. அதனால் பலர் அதைச் சட்டமாக நினைத்து, "விதிகளின்படி" என்று எழுதிவிடுகிறார்கள். முதல் பத்தியைப் படித்தாலே தெரிந்துவிடும்: ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் கேட்டிருந்தால் அது வரைவு.

வெளியான நாளைத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. மத்திய அரசிதழின் முதல் பக்கத்தில் மேலே CG-DL-E- என்று தொடங்கும் எண் இருக்கும். அடுத்து வரும் எட்டு இலக்கங்கள்தான் வெளியீட்டு நாள், இதற்கு 11042020. கோப்பை அமைச்சகத் தளத்திலிருந்து எடுக்காமல் egazette.gov.in-இலிருந்து எடுப்பது நல்லது. அமைச்சகத் தளங்களில் கிடைக்கும் 'திருத்தங்கள் சேர்த்த' பிரதி படிக்க வசதிதான், ஆனால் அது அரசிதழ் அல்ல. 2006 அறிவிக்கை பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. நீங்கள் பேசும் ஆண்டில் எந்த வாசகம் நடைமுறையில் இருந்தது என்று அந்தப் பிரதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடிக்குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

இந்திய அரசிதழ், சிறப்பு வெளியீடு, பகுதி II, பிரிவு 3, உட்பிரிவு (ii), S.O. 1199(E), நாள் 23-3-2020, வெளியீடு 11-4-2020 (வரைவு).

நாள் மட்டுமல்ல, சில வேளை மணியும் முக்கியம். 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் இறக்குமதிகளுக்குச் சுங்கத் தீர்வையை 200 விழுக்காடாக உயர்த்திய அறிவிக்கை மின் அரசிதழில் ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடிக்கு. அன்று பகலிலேயே சரக்குக்கு ஆவணம் தாக்கல் செய்தவர்களிடமும் உயர்ந்த தீர்வையைக் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜி.எஸ். சாதா ரைஸ் மில்ஸ் வழக்கில் 2020 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, பதிவேறிய நேரத்துக்கு முந்தைய தாக்கல்களுக்குப் புதிய தீர்வை பொருந்தாது என்றது.

நாடாளுமன்ற விவாதத்திலும் இதே மாதிரிதான், எந்தப் பிரதி என்பது முக்கியம். அவை நடந்த கையோடு வெளியாவது திருத்தப்படாத பிரதி, அப்படியென்று அதிலேயே போட்டிருப்பார்கள். பிறகு பிழைகள் திருத்தப்படும், அவைத் தலைவர் உத்தரவிட்டால் சில சொற்கள் நீக்கப்பட்டு அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் வரும். மக்களவையில் இந்த அதிகாரம் விதி 380. நீங்கள் மேற்கோள் காட்டிய வரி இறுதிப் பிரதியில் இல்லாமலே போகலாம். இறுதிப் பிரதி இன்னும் வரவில்லை என்றால் "திருத்தப்படாதது" என்று எழுதிவிட்டுப் பயன்படுத்துங்கள், அதில் தவறில்லை. செய்தித்தாளில் வந்த மேற்கோளை விவாதம் என்று காட்டுவதுதான் தவறு.

அமைச்சர் "அவையில் கூறினார்" என்று எழுதுமுன் அவர் வாய் திறந்தாரா என்றும் பாருங்கள். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு வருவது எழுத்துப்பூர்வமான பதில், அங்கே யாரும் துணைக்கேள்வி கேட்க முடியாது. அதற்கு அவையின் பெயர், கேள்வி எண், பதிலளித்த நாள், அமைச்சகம் ஆகிய நான்கும் வேண்டும். எண் மட்டும் போதாது, ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அது மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். உறுப்பினர் தமிழில் பேசி, நீங்கள் எடுத்தது அவைச் செயலகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்றால் அதையும் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டால், அவர் சொல்லாத சொற்களை அவர் வாயில் வைப்பதாகிவிடும். குறிகளை எடுத்துவிட்டுக் கருத்தாக எழுதுங்கள்.