ஐயாயிரம் ரூபா மிச்சத்துக்கு வந்த வட்டி

உப்புவெளிப் பக்கம் இருந்து ஒரு டீச்சர் பில்லோடு வந்தார். "தம்பி, கடைசி நாளுக்கு ரெண்டு நாள் முந்தியே காசு கட்டிட்டன். ஐயாயிரம்தான் மிச்சம். அதுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபா கிட்ட வட்டியோ?"

திருகோணமலையில் வங்கி ஒன்றின் கடனட்டைப் பிரிவில் இருக்கும் எனக்கு இது பழகிய கேள்விதான். டீச்சரின் அட்டைக்கு ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதி பில் போடுவார்கள். 16ஆம் திகதி தொடங்கி அடுத்த 15 வரை கணக்கில் பதிவானதெல்லாம் ஒரே பில்லில் வரும். பில் போட்டதிலிருந்து 20 நாள் தவணை. அந்தக் கடைசி நாளுக்குள் முழுத்தொகையும் கட்டினால் வாங்கிய பொருளுக்கு வட்டி இல்லை. நாள்கள் வங்கிக்கு வங்கி மாறும். முறை இதுதான்.

டீச்சர் ஜூன் 14ஆம் திகதி 1,20,000 ரூபாவுக்குப் பிரிட்ஜ் வாங்கினார். அன்றே பதிவாகி, மறுநாள் பில்லில் ஏறிவிட்டது. கட்ட வேண்டிய கடைசி நாள் ஜூலை 5. வாங்கியதிலிருந்து 21 நாள்தான் கையில். அதையே ஜூன் 16இல் வாங்கியிருந்தால் ஜூலை 15 பில்லில் வந்து, ஆகஸ்ட் 4 வரை 49 நாள் கிடைத்திருக்கும். ஆனால் கணக்கில் எடுப்பது பதிவாகும் நாளை. கடையில் அட்டையைத் தேய்த்த பிறகு பதிவாக ஓரிரு நாள் பிடிக்கலாம் என்பதால், பில் நாளை ஒட்டி வாங்கினால் எந்தப் பில்லில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சரி, வட்டிக்கு வருவோம். ஜூலை 3இல் டீச்சர் 1,15,000 கட்டினார். ஐயாயிரம் குறைந்ததால் அந்தப் பில்லுக்கான வட்டியில்லாச் சலுகையே போய்விட்டது. வட்டி அந்த ஐயாயிரத்துக்கு மட்டுமல்ல, முழு 1,20,000க்கும், வாங்கிய நாளிலிருந்து. ஆண்டுக்கு 28 வீதம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 92 ரூபா. ஜூன் 14 முதல் ஜூலை 3 வரை 19 நாளுக்கு 1,749 ரூபா. அதன் பிறகு ஐயாயிரத்துக்கு ஜூலை 15 வரை 46 ரூபா. மொத்தம் 1,795.

"குறைந்தபட்சத் தொகை எண்டு சின்னத் தொகை ஒண்டு போட்டிருக்கே, அதைக் கட்டினாக் காணாதோ?" என்று கேட்டார். அது தாமதக் கட்டணத்தைத்தான் தடுக்கும், வட்டியைத் தடுக்காது. பில்லில் அந்தத் தொகையைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பது எனக்கும் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். மிச்சம் இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் பெரும்பாலும் பதிவான நாளிலிருந்தே வட்டி ஓடும். ஜூலை பில்லை முழுதாகக் கட்டினாலும், பில் போட்ட நாளுக்கும் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி ஆகஸ்ட் பில்லில் சிறு தொகையாக வரும். அதையும் கட்டினால்தான் கணக்கு சுத்தமாகும்.

டீச்சர் கைப்பையில் இருந்து கொப்பியை எடுத்து, ஆகஸ்ட் 4 என்று எழுதிக்கொண்டார். மூன்று நாள் முந்திக் கட்டச் சொன்னேன். வேறு வங்கியிலிருந்து அனுப்பும் காசு, இடையில் போயாவோ சனி ஞாயிறோ வந்தால், அட்டைக் கணக்கில் ஏறத் தாமதமாகலாம்.