சொல் விளக்கம்: அசால்ட், பேட்டரி

பேச்சுத் தமிழில் ‘அசால்ட்டா முடிச்சான்’ என்றால் அலட்டிக்கொள்ளாமல் முடித்தான் என்று பொருள். பேட்டரி என்றால் டார்ச்சில் போடுவது. பிறர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் தீங்கியல் சட்டத்தில் இரண்டுக்கும் பொருள் வேறு. அசால்ட்டின் லத்தீன் வேருக்குப் ‘பாய்தல்’ என்று பொருள். பேட்டரியின் வேருக்கு ‘அடித்தல்’. டார்ச் பேட்டரியும் இதே சொல்தான், பீரங்கி வரிசையின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது.

அசால்ட்டைத் ‘தாக்குதல்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதுதான் குழப்பத்தின் தொடக்கம். அதற்குச் சரியான சொல் ‘தாக்க முனைதல்’. இதோ அடி விழப்போகிறது என்று எதிராளி நியாயமாக நினைக்கும்படி வேண்டுமென்றே நடந்துகொண்டாலே போதும், விரல் படவேண்டியதில்லை. ஆனால் சொற்கள் அந்த அச்சத்தைத் துடைத்தும் விடலாம். 1669-ல் ஒருவர் வாளின் பிடியில் கைவைத்து, ‘நீதிபதிகள் ஊரில் இல்லாதிருந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன்’ என்ற கருத்தில் பேசினார். இப்போது வெட்டமாட்டேன் என்பதே அதன் பொருள் என்பதால், இங்கிலாந்து நீதிமன்றம் அதை அசால்ட்டாக ஏற்கவில்லை.

பேட்டரிக்கு ‘அடித்தல்’ என்பதைவிட ‘அத்துமீறித் தொடுதல்’ பொருந்தும். காயமே தேவையில்லை, கோபத்தில் லேசாகத் தொட்டாலும் பேட்டரிதான் என்று 1704-லேயே தீர்ப்பு உண்டு. தூங்குபவரைத் தொட்டாலும் பேட்டரிதான். ஆனால் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லையே, ஆகவே அசால்ட் இல்லை.

கொள்குறி வினாக்களில் சறுக்கும் இடம் இதுதான். ஒரு வினா: கால்பந்து ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பியபின், மணி பின்னாலிருந்து குமாரை வேண்டுமென்றே தள்ளிவிடுகிறான். குமார் எழுந்து பார்க்கும்போது மணி நடந்துபோய்க்கொண்டிருக்கிறான். குமார் கல்லெறிய, அது மணியின் பிடரியில் படுகிறது. குமாரின் பொறுப்பு என்ன?

முதலில் மணியைப் பார்ப்போம். ஆட்டக்காரன் ஆட்டத்தில் வழக்கமாக நேரும் மோதலுக்குச் சம்மதித்தவன்தான். ஆனால் அந்தச் சம்மதம் ஆட்டத்தோடு முடிந்துவிட்டது. ஆகவே தள்ளியது பேட்டரி. குமார் பார்க்காததால் அசால்ட் அல்ல.

குமாரின் கல்லும் அப்படியே: பேட்டரி உண்டு, மணி திரும்பிப் பார்க்காததால் அசால்ட் இல்லை. ‘இரண்டும்’ என்ற விடை, ‘அசால்ட் அண்ட் பேட்டரி’ என்று சேர்த்தே கேட்டுப் பழகிய காதுக்கு வைத்த பொறி. ‘முதலில் கைவைத்தவன் மணி, ஆகவே தற்காப்பு’ என்ற விடை அதைவிட ஆபத்தானது. தற்காப்பு, வந்துகொண்டிருக்கும் அடியைத் தடுக்கத்தான். அதுவும் தடுக்கத் தேவையான அளவு மட்டும். மணி விலகிப்போனதுமே அது தீர்ந்துவிட்டது, பிறகு எறிந்த கல் பழிவாங்கல். மணி மறுபடி தள்ளத் திரும்பி வந்திருந்தால், குமார் அவனைக் கையால் தள்ளித் தடுத்திருக்கலாம். அப்போதும், ஒரு தள்ளலுக்குக் கல் அதிகம்தான். வினாவைப் படிக்கும்போது ‘பின்னாலிருந்து’, ‘நடந்துபோய்க்கொண்டிருக்கிறான்’ என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிடுங்கள். விடை அவற்றில்தான் இருக்கிறது.